ஹாயிஸ்ட் பிரேக் விடவில்லையா, நழுவுகிறதா? அறிகுறியிலிருந்து பழுதைப் பிடிப்பது

காலையில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது கிரேன் ஒழுங்காகத் தூக்குகிறது. பன்னிரண்டு மணி வாக்கில் 'மேலே' பட்டனை அமுக்கினால் மோட்டார் முனகுகிறது, கொக்கி அசையவில்லை, கொஞ்ச நேரத்தில் ஓவர்லோடு ரிலே விழுந்துவிடுகிறது. அரை மணி நேரம் சும்மா விட்டுவிட்டு அமுக்கினால் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது. கோவைப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் 5 டன் கிரேன் ஒன்று இரண்டு வாரமாக இப்படித்தான் இருந்தது. மோட்டாரைக் கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்புவதற்கு விலை கூடக் கேட்டுவிட்டார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை, குறை பின்பக்க மூடிக்குள் இருந்த பிரேக்கில்.

இந்த ஒரு பிரேக்கை வைத்தே மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்பது மனதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மல்டிமீட்டர் காட்டுவது எதுவும் புரியாது.

மோட்டார் ஷாஃப்டின் பின்முனையில் பல் வெட்டிய ஒரு ஹப். அதன்மேல் இரண்டு பக்கமும் லைனிங் உள்ள டிஸ்க் சொருகியிருக்கும், ஷாஃப்டோடு சுற்றும். டிஸ்க்கின் ஒரு பக்கம் மோட்டாரின் மூடி, மறுபக்கம் சுற்றாத ஆர்மேச்சர் பிளேட். அந்த பிளேட்டுக்குப் பின்னால் காயில் உள்ள காந்த உடல், அதற்குள் வட்டமாக ஸ்பிரிங்குகள். கரன்ட் இல்லாதபோது ஸ்பிரிங்குகள் பிளேட்டைத் தள்ளி டிஸ்க்கை மூடியோடு நெரித்துப் பிடிக்கும். காயிலுக்கு டிசி போனால் காந்தம் ஸ்பிரிங்கை மீறி பிளேட்டைத் தன் பக்கம் இழுக்கும், டிஸ்க் விடுபடும். அதாவது பிடிப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் மின்சாரம். கரன்ட் போனாலும், வயர் அறுந்தாலும், காயில் எரிந்தாலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். ஃபெயில்சேஃப் என்று சொல்வது இதைத்தான், இதை மட்டும்தான். லைனிங்கில் எண்ணெய் பட்டால், ஹப்பின் பல் தேய்ந்து உதிர்ந்தால், கான்டாக்டர் ஒட்டிக்கொண்டு காயிலுக்குக் கரன்ட் போய்க்கொண்டே இருந்தால் இந்தப் பாதுகாப்பு ஒன்றும் செய்யாது.

பிரேக் பிடித்திருக்கும்போது பிளேட்டுக்கும் காந்த உடலுக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி இருக்கும், ஏர் கேப். டிஸ்க் தேயத் தேய பிளேட் காந்தத்தை விட்டு விலகிப்போகும், கேப் கூடும். கேப் கூடினால் காந்தத்தின் இழுவிசை மிக வேகமாகக் குறையும். தோராயமாக, கேப் இரண்டு மடங்கானால் விசை நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. ஒரு கட்டத்தில் காந்தத்தால் ஸ்பிரிங்கை மீற முடியாது, பிரேக் விடாது. இது ஒரு நல்ல ஏற்பாடு: டிஸ்க் தேய்ந்துவிட்டது என்பதை இந்த பிரேக் லோடைக் கீழே போட்டுச் சொல்லாது, தூக்க மறுத்துத்தான் சொல்லும். அந்த எச்சரிக்கையை நாமே எப்படி அணைத்துவிடுகிறோம் என்பது கொஞ்சம் கீழே வரும்.

எதையும் தொடும் முன் லோடைத் தரையில் இறக்கி, கொக்கியில் எதுவும் தொங்காமல் பார்த்து, மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போடுங்கள். பிரேக் விடவில்லை, லோடு நடுவானில் நிற்கிறது என்றால் அதற்கு அடியில் முட்டுக்கொடுக்க வேண்டும், அல்லது வேறொரு தூக்கியால் தாங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் பிரேக் மூடியைத் திறக்கலாம். கையால் விடுவிக்கும் லீவர் சில பிரேக்குகளில் இருக்கும். அதைக் கம்பி கட்டி இழுத்து வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களோடு நான் வேலை செய்ய மாட்டேன்.

மோட்டார் முனகுகிறது, லோடு எழவில்லை

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பட்டனை அமுக்கியதும் பிரேக்கிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும், அது பிளேட் காந்தத்தில் போய் ஒட்டும் சத்தம். சத்தம் வந்தும் மோட்டார் முனகினால் பிரேக்கை விட்டுவிட்டு மோட்டார் சப்ளையைப் பாருங்கள், ஒரு பேஸ் இல்லாமல் இருக்கலாம். அது வேறு கதை, ஆபத்தான கதை, தனியாகச் சொல்கிறேன்.

'டக்' வரவில்லை என்றால் காயில் முனையில் மீட்டரை டிசி ரேஞ்சில் வைத்து, பட்டனை அமுக்கச் சொல்லிப் பாருங்கள். வர வேண்டிய அளவு எவ்வளவு என்பது ரெக்டிஃபையரைப் பொறுத்தது. அரை அலை ரெக்டிஃபையர் என்றால் ஏசியின் 0.45 மடங்கு, பிரிட்ஜ் என்றால் 0.9 மடங்கு. நம் ஊரில் இரண்டு பேஸ் நடுவே 415 வோல்ட். அரை அலையில் அது கிட்டத்தட்ட 187 வோல்ட் டிசி ஆகும். முதல் அரை நொடி பிரிட்ஜாகவும் அப்புறம் அரை அலையாகவும் மாறும் ரெக்டிஃபையர்களும் உண்டு, அதில் மீட்டர் முதலில் துள்ளிவிட்டுப் பாதிக்கு இறங்கும், அது பழுது அல்ல. துள்ளாமல் நேராகப் பாதியில் வந்து நின்றால் அந்த ரெக்டிஃபையரைச் சந்தேகப்படலாம்.

மீட்டரில் ஒன்றுமே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரெக்டிஃபையருக்குள் வரும் ஏசி, பிரேக் கான்டாக்டரின் முனை என்று பின்னோக்கிப் போங்கள். வோல்டேஜ் சரியாக இருந்தும் பிளேட் அசையவில்லை என்றால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று: காயில் அறுந்திருக்கிறது, அல்லது கேப் கூடிவிட்டது.

நான் சொன்ன கிரேனுக்கு வருவோம். காயில் தட்டில் 190 வோல்ட், 70 வாட் என்று இருந்தது. வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் காயில் ஓம் கிடைக்கும், இதற்கு சுமார் 516. காலையில் ஆறிய நிலையில் சப்ளையைக் கழற்றி அளந்தேன், 530 ஓம். ஷெட்டின் சூட்டுக்கு இது சரியான எண். வோல்டேஜ் 186. காயிலும் நன்றாக இருக்கிறது, சப்ளையும் வருகிறது, காலையில் பிரேக்கும் விடுகிறது. அப்புறம் எங்கே பழுது?

பன்னிரண்டு மணிக்கு கிரேன் மறுத்ததும் அதே காயிலை மறுபடி அளந்தேன். 690 ஓம். செம்புக் கம்பி சூடாகச் சூடாக மின்தடை கூடும். 530 என்பது 690 ஆகியிருந்தால் கம்பி 110 டிகிரி பக்கம் போயிருக்கிறது என்று அர்த்தம். இந்த வகைக் காயிலுக்கு அது அபாயமான சூடு இல்லை. ஆனால் கரன்ட் 0.35 ஆம்பியரிலிருந்து 0.27க்கு இறங்கிவிட்டது. காந்த விசை கரன்ட்டின் வர்க்கத்தில் குறையும், ஆகவே காலையில் இருந்த விசையில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் மதியம் மிஞ்சுகிறது. நல்ல நிலையில் உள்ள பிரேக் இந்தக் குறைவைத் தாங்கும், அதற்கு வேண்டிய உபரி விசை வைத்துத்தான் செய்திருப்பார்கள். இந்த பிரேக் தாங்கவில்லை. அப்படியென்றால் உபரியை வேறு ஏதோ ஏற்கெனவே தின்றுவிட்டது.

மெயினைப் பூட்டிவிட்டு மூடியைக் கழற்றி ஃபீலர் கேஜ் விட்டேன். மூன்று இடத்தில் அளக்க வேண்டும், ஒரே இடத்தில் அளந்து முடிவு செய்யக் கூடாது, பிளேட் சாய்ந்திருக்கலாம். 0.85, 0.9, 0.9 மில்லிமீட்டர். அந்த பிரேக்கின் கையேட்டில் சரியான கேப் 0.3, அதிகபட்சம் 0.8. காலையில் காயில் குளிர்ச்சியாக இருக்கும்போது எப்படியோ இழுத்துவிடுகிறது, சூடானதும் முடியவில்லை. 'குளிர்ந்தால் ஓடும், சூடானால் ஓடாது' என்று யாராவது சொன்னால் பலர் காயிலைத்தான் மாற்றுகிறார்கள். புதுக் காயில் போட்டாலும் அதே கேப்பில் அதே கதைதான். முதலில் கேப்பை அளங்கள்.

பிரேக் பாதி விட்டும் விடாமலும் மோட்டார் ஓடினால் டிஸ்க் உரசிக்கொண்டே சுற்றும், எரிந்த வாடை வரும், லைனிங் இன்னும் வேகமாகத் தேயும், கேப் இன்னும் கூடும். அதனால் இந்த அறிகுறி வந்த பிறகு 'இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்ப்போம்' என்பது வேலைக்கு ஆகாது.

கேப்பைச் சரிசெய்தாயிற்று, அப்புறமும் டிஸ்க்கை ஏன் அளக்க வேண்டும்

கேப்பைச் சரிசெய்வது பத்து நிமிட வேலை. மூன்று போல்ட்டைத் தளர்த்தி, அவற்றைச் சுற்றியுள்ள குழாய் ஸ்குரூக்களைத் திருகி, காந்த உடலைப் பிளேட்டின் பக்கம் நகர்த்தி, போல்ட்டை இறுக்கி, மூன்று இடத்திலும் 0.3 வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. கிரேன் உடனே ஓடும், எல்லோருக்கும் சந்தோஷம். இங்கேதான் தப்பு நடக்கிறது.

நான் கேப்பைத் தொடாமல் பிரேக்கை முழுசாகக் கழற்றி டிஸ்க்கை வெர்னியரில் அளந்தேன். 8.4 மில்லிமீட்டர். புது டிஸ்க் 11, குறைந்தபட்சம் 8.5 என்று கையேடு சொல்கிறது. ஆக மொத்தம் 2.6 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. ஆனால் கேப் 0.3லிருந்து 0.9க்கு, அதாவது 0.6 மில்லிமீட்டர்தான் கூடியிருந்தது. மீதி 2 மில்லிமீட்டர் எங்கே போயிற்று? இதற்கு முன் மூன்று, நான்கு தடவை யாரோ கேப்பை மட்டும் இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் பிரேக் தூக்க மறுத்து 'தேய்ந்துவிட்டேன்' என்று சொல்லியிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். எப்போது செய்தார்கள் என்பதற்கு ஒரு வரிக் குறிப்பு கூட இல்லை.

இந்தத் தடவையும் இறுக்கியிருந்தால் கிரேன் ஓடியிருக்கும். லைனிங் இன்னும் மெலிந்து டிஸ்க்கின் உலோகம் வரை தேய்ந்து மூடியில் கீறல் போட ஆரம்பிக்கும், அல்லது லைனிங் பெயர்ந்து துண்டாக வரும். டிஸ்க் மிகவும் மெலிந்துவிட்டால் சில அமைப்புகளில் பிளேட் டிஸ்க்கை அழுத்துவதற்குப் பதில் ஹப்பின் முகத்திலேயே போய் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங் முழு பலத்தோடு அழுத்தும், டிஸ்க்கின் மேல் பிடி இருக்காது. கேப் அப்போதும் ஃபீலர் கேஜில் அழகாக 0.3 காட்டும்.

அதனால் என் வழக்கம் இதுதான்: கேப்பைத் திருகும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் தடிமனை அளந்து, தேதியோடு பிரேக் மூடியின் உள்பக்கத்தில் பெயின்ட் மார்க்கரில் எழுதிவிடுவேன். ரிஜிஸ்டர் தொலைந்துபோகும், மூடி தொலையாது.

நிறுத்தினால் லோடு நழுவுகிறது

இதில் இரண்டு வகை உண்டு, முதலில் அதைப் பிரித்துவிட வேண்டும். பட்டனை விட்டதும் லோடு கொஞ்சம் இறங்கி, பிறகு கெட்டியாக நின்றுவிட்டால் பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது என்று அர்த்தம், பெரும்பாலும் வயரிங் விஷயம். நின்ற பிறகும் மெதுவாக ஊர்ந்துகொண்டே இருந்தால் பிடி பலம் போதவில்லை, அது டிஸ்க், ஸ்பிரிங் பக்கம்.

தாமத வகையில் நான் முதலில் பார்ப்பது ரெக்டிஃபையர் முனையில் ஒரு ஷார்ட் லிங்க் போட்டிருக்கிறதா என்பதை. காயிலின் கரன்ட்டை ஏசி பக்கத்தில் மட்டும் துண்டித்தால், காயிலில் இருக்கும் காந்தம் உடனே சாகாது. கரன்ட் ரெக்டிஃபையரின் டயோடு வழியாகச் சுற்றிச் சுற்றி மெதுவாக அடங்கும், அதுவரை பிளேட் ஒட்டிக்கொண்டே இருக்கும். டிசி பக்கத்தில், காயிலுக்கும் ரெக்டிஃபையருக்கும் நடுவில் ஒரு கான்டாக்ட் வைத்துத் துண்டித்தால் இந்தத் தாமதம் பல மடங்கு குறையும். தூக்கும் வேலைக்கு இதுதான் வேண்டும். ஆனால் டிசி பக்கக் கான்டாக்டில் பொறி பறக்கும், முனை கரியும். கரிந்ததும் யாராவது ஒரு வயரைப் போட்டு ஷார்ட் செய்துவிட்டுப் போவார்கள், பிரேக் வேலை செய்வது போலத்தான் தெரியும். நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் இறங்கும் கொக்கிக்குக் கால் நொடித் தாமதம் என்றால், அதே வேகத்தில் போனால் கூட 17 மில்லிமீட்டர். மோட்டாரும் ஆஃப், பிரேக்கும் பிடிக்கவில்லை என்பதால் லோடு அந்த நேரத்தில் வேகம் பிடிக்கும், ஆகவே உண்மையில் இன்னும் அதிகம். ஷார்ட் வயரை எடுத்துவிட்டுக் கான்டாக்டை மாற்றுங்கள், காயிலுக்கு இணையாக வேரிஸ்டர் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பிரேக் ரெக்டிஃபையருக்கு மோட்டார் முனையிலிருந்தே சப்ளை எடுத்திருந்தாலும் இதே தாமதம் வரும், லோடு இழுக்கும்போது சுற்றும் மோட்டார் கொஞ்ச நேரம் மின்னழுத்தத்தைத் தக்கவைக்கும். மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி டிரைவ் போட்ட கிரேனில் இப்படி இணைத்தால் நிலைமை இன்னும் மோசம், குறைந்த வேகத்தில் டிரைவ் தரும் வோல்டேஜ் குறைவு, பிரேக் விடவே விடாது. விஎஃப்டி இருந்தால் பிரேக்குக்கு மெயினிலிருந்து தனி சப்ளை, அவ்வளவுதான்.

ஊர்ந்துகொண்டே இறங்கும் வகையில் மூடியைத் திறந்து லைனிங்கைத் தொட்டுப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருந்தால் கியர்பாக்ஸின் ஆயில் சீலோ பேரிங் கிரீஸோ கசிகிறது. தின்னர் விட்டுத் துடைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், லைனிங் எண்ணெயைக் குடித்திருக்கும், சூடானதும் மறுபடி வெளியே வரும். டிஸ்க்கை மாற்ற வேண்டும், அதற்கு முன் சீலை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புது டிஸ்க்கும் ஒரு மாதத்தில் இதே கதி. எண்ணெய் இல்லாமல் கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருந்தால் லைனிங் மெருகேறியிருக்கிறது. விஎஃப்டி கிரேனில் வேகம் பூஜ்ஜியத்துக்கு வந்த பிறகுதான் பிரேக் பிடிக்கும் என்பதால் லைனிங் தேயாமலே வழவழப்பாகிப்போவதும் உண்டு. ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா, எண்ணிக்கை சரியாக இருக்கிறதா என்று எண்ணுங்கள். 'பிரேக் ஜர்க் அடிக்கிறது' என்று இரண்டு ஸ்பிரிங்கை யாரோ கழற்றி வைத்திருந்ததையும் ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

'மேலே' அமுக்கினால் லோடு கீழே வருகிறது

நம்ப முடியாத மாதிரி இருக்கும், ஆனால் காரணம் எளிது. பிரேக் ரெக்டிஃபையருக்கு ஆர், ஒய் பேஸிலிருந்து சப்ளை. பி பேஸில் ஃபியூஸ் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டிருக்கும் மூன்று பேஸ் மோட்டாருக்கு இரண்டு பேஸ் மட்டும் கிடைத்தால் முனகும், சுற்ற ஆரம்பிக்க அதற்கு விசை இல்லை. ஆனால் பிரேக்குக்கு வேண்டியது வந்துவிட்டது, அது கடமையாக விடுகிறது. தாங்க யாரும் இல்லை, லோடு கீழே. பட்டனை உடனே விட்டால் ஸ்பிரிங் பிடித்துவிடும், பதற்றத்தில் ஆபரேட்டர் இன்னும் அழுத்தமாக அமுக்குவதுதான் வழக்கம். ஃபியூஸ், கான்டாக்டர் முனை, கிரேனின் கரன்ட் கலெக்டர் மூன்றையும் பாருங்கள், கலெக்டரில் கார்பன் தேய்ந்து ஒரு பேஸ் விட்டு விட்டு வருவது கிரேனில் சாதாரணம். பேஸ் போனால் கன்ட்ரோல் சப்ளையையே துண்டிக்கும் ரிலே பேனலில் இல்லையென்றால் அதைப் போடாமல் அந்தக் கிரேனை நான் திருப்பிக் கொடுப்பதில்லை.

லிஃப்ட்டில் வேலை செய்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே எதிர்ப்பாரம் காலிப் பெட்டியை விடக் கனம், அதனால் ஆள் இல்லாத லிஃப்ட்டில் பிரேக் தளர்ந்தால் பெட்டி மேலேதான் போகும். அதனால்தான் அங்கே பிரேக்கின் இயந்திரப் பாகங்கள் இரண்டு தொகுதியாக இருக்க வேண்டும், ஒன்று போனாலும் மற்றது நிறுத்த வேண்டும் என்று விதி. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், சேர்த்துச் சோதித்தால் ஒன்று செத்திருப்பது தெரியாது. 5 டன் கிரேனில் பெரும்பாலும் இருப்பது ஒரே ஒரு டிஸ்க்.

திசை மாற்றும்போது 'கடக்' சத்தம்

மேலே, கீழே என்று மாற்றி அமுக்கும்போது பிரேக் பக்கம் உலோகம் இடிக்கும் சத்தம் வந்தால் ஹப்புக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பல் தேய்ந்திருக்கிறது. மூடியைத் திறந்து, டிஸ்க் பிடித்திருக்கும்போதே ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். துளி ஆட்டம் இருக்கலாம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் ஆட்டம் இருந்தால் ஹப், டிஸ்க் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பல் உதிர்ந்துவிட்டால் பிரேக் டிஸ்க்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நிற்கும், ஷாஃப்ட் தன்பாட்டுக்குச் சுற்றும். கேப், வோல்டேஜ், காயில் எதை அளந்தாலும் எல்லாம் சரியாகவே இருக்கும்.

புது டிஸ்க் போட்ட பிறகு

மூடியின் உரசும் முகத்தில் கீறல், துரு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். டிஸ்க் ஹப்பில் கையால் தள்ளினால் வழுக்கிப் போக வேண்டும், சிக்கினால் பிரேக் விட்ட பிறகும் ஒரு பக்கம் உரசும். கிரீஸ் தடவ ஆசை வரும், வேண்டாம். கேப் 0.3 வைத்து மூன்று இடத்தில் அளந்து மூடுங்கள். புது லைனிங் முழு முகமும் பொருந்தும் வரை முழுப் பிடி கொடுக்காது, ஆகவே வெறும் கொக்கியோடும் அப்புறம் சிறு லோடோடும் சில முறை ஏற்றி இறக்கி நிறுத்துங்கள். அதற்குப் பிறகு முழு லோடைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கி, அளந்து குறித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள்.

அந்த 5 டன் கிரேனில் சாக்பீஸ் கோட்டிலிருந்து லோடு அசையவில்லை. மறுநாள் பன்னிரண்டு மணிக்குப் போய் சூடான காயிலோடு பட்டனை அமுக்கிப் பார்த்தேன், 'டக்' என்று கேட்டது. மூடியின் உள்பக்கத்தில் 11.0 என்றும் அன்றைய தேதியும் எழுதியிருக்கிறேன்.